ஒரு மொழி, பல படிகள்

நுழையும்முன்

"உனக்கு ஆங்கிலம் தெரியுமா?" என்னும் வினாவுக்குத் "தெரியும்" என்றோ "தெரியாது" என்றோ விடை கூறுவது எளிது. ஆனால், அந்த விடையைக் கொண்டு அடுத்து எதைக் கற்பது என முடிவுசெய்ய இயலாது. நாளிதழைப் படித்துப் புரிந்துகொள்பவர் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசத் திணறலாம். சரளமாகப் பேசுபவர் ஒரு விண்ணப்பம் எழுத இயலாமல் நிற்கலாம். ஒருவரது மொழித்திறனைப் படித்தல், எழுதுதல், பேசுதல் எனத் தனித்தனியே அளந்து, அடுத்த இலக்கைத் தேர்ந்துகொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அளவுகோல் பிறந்த வரலாறு

வெப்பத்தை அளக்க வெப்பமானி இருப்பதுபோல, மொழித்திறனை அளக்கவும் பொதுவான அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. ஒரு நாட்டில் 'இடைநிலை' எனப்பட்ட சான்றிதழ் மற்றொரு நாட்டில் 'தொடக்கநிலை' எனக் கருதப்பட்டது. ஒரே சொல் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பொருள் தந்தது. இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காக 1991ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் ரூஷ்லிகான் என்னும் ஊரில் மொழி வல்லுநர்கள் கூடினர். அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டு 'மொழிகளுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகம்' என்னும் நூலை வெளியிட்டது.

இச்சட்டகம் மொழித்திறனை ஆறு படிகளாகப் பகுக்கிறது. ஏ1, ஏ2 ஆகியவை அடிப்படைப் படிகள். பி1, பி2 ஆகியவை பிறர் துணையின்றி மொழியைக் கையாளும் படிகள். சி1, சி2 ஆகியவை தேர்ச்சிப் படிகள். ஒவ்வொரு படியும் 'இவருக்கு இத்தனை சொற்கள் தெரியும்' என்று கூறுவதில்லை. 'இவரால் இதைச் செய்ய இயலும்' என்றே கூறுகிறது. 'அறிவிப்புப் பலகையில் உள்ள பழகிய பெயர்களைப் புரிந்துகொள்ள இயலும்' என்பது ஏ1 படிக்குரிய படித்தல் கூற்று. 'அன்றாட நடையில் எழுதப்பட்ட கடிதத்தில் கூறப்படும் நிகழ்ச்சிகளையும் உணர்வுகளையும் புரிந்துகொள்ள இயலும்' என்பது பி1 படிக்குரியது.

எந்தக் கூற்று எந்தப் படியில் அமைய வேண்டும் என்பதை வல்லுநர்கள் தம் விருப்பப்படி முடிவு செய்துவிடவில்லை. 1993 முதல் 1996 வரை சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழ 300 ஆசிரியர்கள், தாம் கற்பித்த ஏறத்தாழ 2,800 மாணவர்களை இத்தகைய கூற்றுகளைக் கொண்டு மதிப்பிட்டனர். பெரும்பாலோரால் செய்ய இயன்றவை எவை, சிலரால் மட்டுமே இயன்றவை எவை என்பது அம்மதிப்பீடுகளிலிருந்து தெரியவந்தது. அவ்வாறு கிடைத்த வரிசையே படிகளின் அடித்தளம் ஆயிற்று.

ஒருவருக்கு ஒரு படி மட்டும் இல்லை

சட்டகத்தைப் பயன்படுத்துவோர் செய்யும் முதன்மையான பிழை, ஒருவருக்கு ஒரே ஒரு படியைச் சூட்டிவிடுவது. சட்டகத்தின் தன்மதிப்பீட்டு அட்டவணையோ கேட்டல், படித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் என ஐந்து நிரல்களைக் கொண்டது. ஒவ்வொரு நிரலிலும் ஆறு படிகள் உண்டு. ஒரே மனிதர் ஒரு நிரலில் பி1 படியிலும் மற்றொன்றில் ஏ1 படியிலும் இருப்பது இயல்பு.

இவற்றைக் கூட்டிச் சராசரி காண்பது பொருந்தாது. படித்தலில் பி1, பேசுதலில் ஏ1 என இருப்பவரைச் சராசரியாக 'ஏ2' எனக் கூறினால், அவர் எதில் வல்லவர் என்பதும் எங்கே தடுமாறுகிறார் என்பதும் ஒருசேர மறைந்துவிடும். ஏ2 வகுப்பில் அவரைச் சேர்த்தால் படிக்கும் பாடம் அவருக்கு மிக எளிதாக இருக்கும். பேசும் பயிற்சியோ மிகக் கடினமாக இருக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு சான்று

கோயம்புத்தூரில் பொறியியல் பட்டதாரிகளும் செவிலியர்களும் செர்மன் மொழி கற்று வருகின்றனர். செர்மன் மொழியைக் கற்பிக்கும் கோத்தே மையம் ஒன்றும் இந்நகரில் இயங்குகிறது. செர்மனியில் செவிலியராகப் பதிவு பெறுவதற்குப் பொதுவாக பி2 படித் தேர்ச்சி தேவைப்படுகிறது. ஆகவே, இங்குப் படிநிலை என்பது ஏட்டளவில் நிற்பதன்று. ஒருவரது பணிவாய்ப்பும் அவர் செலவிடும் காலமும் பொருளும் அதனோடு பிணைந்துள்ளன.

கோத்தே நிறுவனம் தரும் கணக்கின்படி, தொடக்கத்திலிருந்து ஏ2 படியை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 200 முதல் 350 வரை தேவைப்படும். பி1 படிக்கு 350 முதல் 650 வரையும், பி2 படிக்கு 600 முதல் 800 வரையும் தேவைப்படும். ஒரே படியை எட்டுவதற்கு ஆகும் காலம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதை இவ்வெண்கள் காட்டுகின்றன. எனவே, 'பி1 வகுப்பை முடித்துவிட்டேன்' என்பதும் 'பி1 படியில் இருக்கிறேன்' என்பதும் ஒன்றல்ல.

செவிலியப் பட்டம் பெற்ற பொள்ளாச்சி மாணவி ஒருவர் எட்டு மாதங்கள் செர்மன் கற்று, ஏ2 வகுப்பை முடித்துள்ளார் எனக் கொள்க. அடுத்து பி1 தேர்வுக்கு ஆயத்தமாக வேண்டும். இவர் தம் நிலையை அறிவது எவ்வாறு?

படித்தல்: பழகிய சொல் ஏமாற்றும்

முதலில் படித்தல். ஏ2 படிக்கு ஒரு பேருந்துக் கால அட்டவணை, ஓர் உணவகப் பட்டியல், ஒரு சிறு கடிதம் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். தேவையான செய்தியை மூன்றிலும் தயக்கமின்றிக் கண்டறிகிறார். அடுத்து பி1 படிக்குரியதாக, ஒருவர் தம் புதிய பணியிடத்தைப் பற்றி நண்பருக்கு எழுதிய மின்னஞ்சலைப் படிக்கிறார். அதில் வரும் நிகழ்ச்சிகளையும், எழுதியவர் மகிழ்கிறாரா வருந்துகிறாரா என்பதையும் சரியாகக் கூறுகிறார்.

ஆயினும், இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. செர்மனும் ஆங்கிலமும் உறவுடைய மொழிகள். ஆங்கிலம் அறிந்தவர் பல செர்மன் சொற்களை ஊகித்துவிட இயலும். ஊகம் சில இடங்களில் தவறான வழியில் இட்டுச் செல்லும். செர்மனில் 'கிஃப்ட்' என்றால் பரிசு அன்று, நஞ்சு. செவிலியர் ஒருவருக்கு இந்த வேறுபாடு எத்துணை முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, படித்தபின் "என்ன பொருளில் வந்துள்ளது?" என்று மட்டும் வினவாமல், "இதை உரையில் எந்தத் தொடர் காட்டுகிறது?" என்றும் வினவ வேண்டும். நம் மாணவி பெரும்பாலான வினாக்களுக்குச் சான்றான தொடரைச் சுட்டிக்காட்டுகிறார். ஒரு நாள் இடைவெளி விட்டு வேறோர் உரையைப் படித்தபோதும் இதே முடிவு கிடைக்கிறது. படித்தலில் அவர் பி1 படியில் இருக்கிறார் எனத் துணிந்து கூறலாம்.

எழுதுதல்: துணையோடும் துணையின்றியும்

அடுத்து எழுதுதல். கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் எழுதுதல் பகுதிக்கு 60 நிமிடங்கள் உண்டு. ஏறத்தாழ 80 சொற்களில் இரண்டும், 40 சொற்களில் ஒன்றுமாக மூன்று எழுத்துப் பணிகள் தரப்படும். எனவே, 80 சொற்களை எழுத 20 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே காலம் கிடைக்கும்.

நண்பரின் அழைப்பை ஏற்க இயலாமைக்குக் காரணம் கூறி 80 சொற்களில் எழுதுமாறு மாணவிக்குப் பணி தரப்படுகிறது. முதல்நாள் அகராதியின் துணையோடு எழுதுகிறார். பிழை குறைந்த, பி1 படிக்கு ஏற்ற கடிதம் உருவாகிறது. ஆனால் 40 நிமிடம் ஆகிறது. மறுநாள் அகராதியின்றி, கடிகாரத்தை வைத்து எழுதுகிறார். 25 நிமிடத்தில் 45 சொற்களே அமைகின்றன. அவையும் 'மேலும்', 'ஆனால்' என்னும் இரண்டு இணைப்புச் சொற்களால் கோக்கப்பட்ட சிறு தொடர்கள். காரணம் கூறும் தொடர் ஒன்றுகூட இல்லை. முதல் கடிதம் அகராதியின் திறனைக் காட்டியது. இரண்டாவதே மாணவியின் திறனைக் காட்டியது. எழுதுதலில் அவர் ஏ2 படியில் இருக்கிறார்.

குறையும் எதுவெனத் தெரிந்துவிட்டது. செர்மனில் 'ஏனெனில்' என்னும் பொருள்தரும் 'வைல்' என்ற சொல்லை அடுத்து வரும் தொடரில் வினைச்சொல் இறுதிக்குச் சென்றுவிடும். ஆங்கில வழியில் சிந்திப்பவருக்கு இது புதிதாகத் தோன்றும். தமிழிலோ வினை இறுதியில் நிற்பதே இயல்பு. "ஏனெனில், நான் இன்று மருத்துவமனையில் பணிபுரிகிறேன்" என்னும் தமிழ்த் தொடரின் அமைப்பை மனத்தில் கொண்டால் செர்மன் தொடர் எளிதில் அமையும். தாய்மொழி இங்குத் தடையாக நில்லாமல் துணையாக வருகிறது.

பேசுதல்: மௌனத்தின் காரணம்

மூன்றாவது பேசுதல். தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளுமாறு கேட்டால் மாணவி இரண்டு நிமிடம் தடையின்றிப் பேசுகிறார். இதைக் கேட்பவர் அவரை பி1 படியில் வைத்துவிடக்கூடும். ஆனால், அறிமுகவுரை வகுப்பில் பலமுறை சொல்லிப் பழகியது. மனப்பாடப் பேச்சைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு: நடுவில் எதிர்பாராத வினா ஒன்றைக் கேட்பது. "செவிலியப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று தோழி செர்மனில் கேட்டவுடன் அவர் பேச்சு நின்றுவிடுகிறது. மெதுவாக, இரண்டுமுறை திரும்பக் கேட்டபின் இரண்டு சொற்களில் விடை வருகிறது. மற்றவர் நிறுத்தி நிதானமாகப் பேசி உதவினால் மட்டுமே உரையாட இயலும் என்பது ஏ1 படியின் அடையாளம். உரையாடலில் அவர் இன்னும் ஏ1 படியைத் தாண்டவில்லை.

இத்துடன் நிறுத்திவிட்டால் "இன்னும் பேசிப் பழக வேண்டும்" என்ற பொதுவான முடிவே கிடைக்கும். அது தவறாகவும் அமையலாம். மௌனத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். விடை தெரிந்தும் சொற்கள் கிடைக்காமல் இருக்கலாம். அல்லது, கேட்ட வினாவே காதில் தெளிவாகப் பிரிந்து விழாமல் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்த, அதே வகை வினாக்களைச் செர்மனில் எழுதிக் காட்டி, வாய்மொழியாக விடை கூறச் சொல்ல வேண்டும்.

நம் மாணவிக்கு வினாக்களை எழுதிக் காட்டியபோது, சில நொடிகளில் முழுத் தொடராக விடை கூறுகிறார். அப்படியாயின் குறை நாவில் இல்லை, செவியில் இருக்கிறது. எட்டு மாதங்களாகக் கண்ணால் கற்ற மொழி அவர் காதுக்கு இன்னும் பழகவில்லை. பேசுதல் என்னும் நிரலில் தென்பட்ட தடையின் வேர், கேட்டல் என்னும் நிரலில் இருந்தது. சட்டகம் ஐந்து நிரல்களாகப் பிரித்துக் காட்டுவதன் பயன் இவ்விடத்தில் விளங்கும்.

அடுத்த இலக்கைத் தேர்தல்

இப்போது வரைபடம் கையில் உள்ளது: படித்தல் பி1, எழுதுதல் ஏ2, உரையாடல் ஏ1. இதைக் கொண்டு இலக்கைத் தேர்வதற்கு மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது, நோக்கத்துக்குத் தடையாக நிற்கும் திறன் எது என்பது. கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வு படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு தனிப்பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியிலும் 100க்கு 60 புள்ளிகள் பெற வேண்டும். படித்தலில் 90 பெற்றாலும், அது பேசுதலில் பெற்ற 40 புள்ளிகளை ஈடு செய்யாது. பகுதிகளைத் தனித்தனியே எழுதலாம் என்பதால், நம் மாணவி படித்தல் பகுதியை முன்னதாக எழுதி முடிக்க இயலும். எஞ்சிய காலம் முழுவதும் தடையுள்ள திறன்களுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, இலக்கு பாதி கைவந்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே 'துணையின்றி இயலும்', 'துணையோடு இயலும்', 'இயலாது' என்னும் மூன்றில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். துணையோடு இயல்பவையே அடுத்த இலக்குகள். 'இயலாது' எனக் குறித்தவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். உரையாடலில் ஏ1 படியில் இருப்பவர், பி2 படிக்குரிய விவாதக் காணொளிகளை நாள்தோறும் கேட்பதால் காலம் கழியுமேயன்றிச் செவி பழகாது.

மூன்றாவது, இலக்கைச் செயலாக எழுத வேண்டும். 'நன்றாகப் பேசக் கற்பேன்' என்பது விருப்பம். அது நிறைவேறியதா என்பதைச் சோதிக்க இயலாது. நம் மாணவியின் ஆறு வார இலக்குகள் பின்வருமாறு அமையலாம். கேட்டலில், ஒரு நிமிட அளவுள்ள ஏ2 படி உரையாடலை எழுத்து வடிவம் பாராமல் இருமுறை கேட்டு, யார், எப்போது, எங்கே என்னும் மூன்றையும் கூறுதல். பேசுதலில், பணிநேரத்தை மாற்றிக்கொள்வது குறித்துத் தோழியுடன் மூன்று நிமிடம் பேசி முடிவுக்கு வருதல். புரியாதபோது மௌனமாகாமல், திரும்பக் கூறுமாறு செர்மனிலேயே கேட்டல். எழுதுதலில், அகராதியின்றி 25 நிமிடத்தில் 80 சொற்கள் எழுதி, அவற்றுள் காரணம் கூறும் தொடர்கள் இரண்டேனும் அமைத்தல்.

வாரத்துக்கு ஆறு மணிநேரம் கிடைக்குமாயின், மூன்று மணிநேரத்தைக் கேட்டலுக்கும் உரையாடலுக்கும் ஒதுக்கலாம். இரண்டு மணிநேரம் எழுதுதலுக்கு. ஒரு மணிநேரம் படித்தலுக்கு. நன்றாக வரும் படித்தலையே மேலும் மேலும் செய்யத் தோன்றுவது மனித இயல்பு. கால ஒதுக்கீட்டை எழுதி வைப்பது அந்த இயல்புக்குக் கரைகட்டும். ஆறு வாரம் கழித்து அதே செயல்களை, புதிய உரைகளையும் புதிய வினாக்களையும் கொண்டு மீண்டும் சோதிக்க வேண்டும். பழைய வினாக்களையே பயன்படுத்தினால் நினைவாற்றல்தான் அளக்கப்படும்.

தெரிந்து தெளிவோம்

சி2 என்பது தாய்மொழியாளரின் நிலையைக் குறிப்பதன்று. அயல்மொழியைக் கற்போர் எட்டக்கூடிய மிக உயர்ந்த தேர்ச்சியையே அது குறிக்கிறது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த துணைநூலில், ஏ1 படிக்கும் முந்தைய நிலை ஒன்றும், இணையவழி உரையாடலுக்கான கூற்றுகளும் இடம்பெற்றன.

தமிழுக்குப் பொருத்துகையில்

இந்த அளவுகோலைத் தமிழுக்குப் பொருத்தினால் புதிய சிக்கல் ஒன்று தோன்றும். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள் பணிபுரிகின்றனர். சில ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவர் கடையில் விலை கேட்பார். மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்பார். "போயிட்டு வர்றேனுங்க" என்று கொங்கு வழக்கில் விடைபெறுவார். உரையாடலில் அவர் ஏ2 படியை எட்டியவர். ஆனால், தமிழ் எழுத்துகளைக் கற்க வாய்ப்பில்லாததால் பேருந்தின் பெயர்ப்பலகையை அவரால் படிக்க இயலாது. படித்தலில் அவர் ஏ1 படியையும் எட்டவில்லை.

பொள்ளாச்சி மாணவிக்கு நேர் எதிரான வரைபடம் இது. அவருக்கு எழுத்து தெரியும், ஒலி பழகவில்லை. இவருக்கு ஒலி பழகியது, எழுத்து தெரியாது. இவரை எழுத்துத் தேர்வால் மட்டும் அளந்தால் 'தமிழ் தெரியாதவர்' என்ற தவறான முடிவு கிடைக்கும்.

அவருக்கு எழுத்தைக் கற்பித்த பின்பும் ஓர் இடைவெளி எஞ்சும். தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபட்டவை. "போயிட்டு வர்றேனுங்க" என்பது எழுத்தில் "சென்று வருகிறேன்" என மாறும். அவர் செவியால் அறிந்த சொல்லும் ஏட்டில் காணும் சொல்லும் வெவ்வேறாக இருக்கும். ஆகவே, அவருக்குரிய முதல் படித்தல் இலக்கு, இரு வழக்கிலும் மாறாத சொற்களிலிருந்து தொடங்குவது நன்று. அவிநாசி, பல்லடம், காங்கேயம் என்னும் ஊர்ப்பெயர்களைப் பேருந்துப் பலகையில் படித்தல் அத்தகைய இலக்கு. அடுத்ததாக, ஊதியச் சீட்டில் தம் பெயர், நாள், தொகை ஆகியவற்றைக் கண்டறிதல். தொகையைத் தாமே படித்துச் சரிபார்க்க இயலும் நாளில், அவர் ஏறிய படியின் பயன் அவருக்கே விளங்கும்.

கற்பவை கற்றபின்

1. ஆங்கிலத்தில் உங்கள் படித்தல், எழுதுதல், உரையாடல் திறன்களைத் தனித்தனியே சோதித்து வரைபடம் ஒன்று உருவாக்குக. ஒவ்வொரு திறனையும் வெவ்வேறு நாள்களில் இருமுறை சோதிக்க.

2. எதிர்பாராத வினாவுக்கு ஆங்கிலத்தில் விடையளிக்க இயலாதபோது, அதற்குக் காரணம் கேட்டலா, பேசுதலா என்பதை நண்பர் ஒருவரின் துணையோடு கண்டறிக.

3. உங்கள் ஊரில் தமிழைப் பேசக் கற்ற பிறமொழியாளர் ஒருவரிடம் உரையாடி, அவர் அன்றாடம் படிக்க வேண்டிய ஐந்து தமிழ்ச் சொற்களைப் பட்டியலிடுக. அவற்றுள் எவை பேச்சிலும் எழுத்திலும் ஒரே வடிவில் உள்ளன என்பதைக் குறிப்பிடுக.